கடைமடையில் குறைவது தண்ணீர் அல்ல, நாட்கள்

மேட்டூர் கிழக்குக்கரைக் கால்வாயில் தண்ணீர் வரும்போதெல்லாம், எடப்பாடிப் பக்கத்து டீக்கடைகளில் அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்ற பேச்சுத்தான் ஓடுகிறது. கடைமடையில் ஒன்றரை ஏக்கர் நெல் வைத்திருக்கும் எனக்கு அந்தக் கணக்கைவிட நாள்கணக்கே முக்கியமாகப் படுகிறது.

வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை, 137 நாட்களுக்குக் கால்வாயில் தண்ணீர் விடுவார்கள். தலைமடைக்காரர் முதல் வாரத்திலேயே நாற்று விட்டுவிடுகிறார். எங்கள் கிளை வாய்க்காலுக்கு ஒருமுறை தண்ணீர் வந்து சேர்ந்தபோது ஆகஸ்ட் 20 தாண்டிவிட்டது. நல்ல விலை போகும் என்று வெள்ளைப் பொன்னியை 25ஆம் தேதி நாற்றுவிட்டேன். அதன் வயது 135 முதல் 140 நாள். அறுவடைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்புதான் பூக்கும் என்பதால், டிசம்பர் இரண்டாம் வாரத்தில் கதிர் வெளிவந்து, பால் பிடிக்கும் சமயத்தில் கால்வாய் அடைபட்டது. வயல் பத்தே நாளில் வெடித்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் நின்றது, ஆனால் கதிரைக் கையில் பிடித்து நெருடினால் பாதி மணிகள் உள்ளே ஒன்றுமில்லாமல் அமுங்கின.

தூர் கட்டும் பருவத்தில் சில நாள் காய்ந்தால் நெல் ஓரளவு தேறிக்கொள்ளும். பொதிப் பருவத்திலிருந்து பால் பிடிக்கும் வரை காய்ந்தால், போன மணி போனதுதான். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் பதர் மணியாகாது.

அதே ஆகஸ்ட் 25இல் 105 முதல் 110 நாள் வயதுள்ள கோ 51 விதைத்திருந்தால், தண்ணீர் நிற்கும் முன்பே அறுத்திருக்கலாம். அதிலும் சிக்கல் உண்டு: நவம்பரில் பூப்பதால் வடகிழக்குப் பருவமழையில் மகரந்தம் கெடலாம், அறுவடையும் ஈரத்தில் சிக்கலாம். இருந்தும் மழையோடு போராடுவதே மேல் என்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக்குழல்கள் இருப்பதால் அது நீரில் மூழ்கிய மண்ணைத் தாங்குகிறது. களையை அடக்கவும் சேறு இறுகாமல் இருக்கவும் நாம் நீர் கட்டுகிறோம். ஆனால் எந்நேரமும் கட்டியே வைக்க வேண்டியதில்லை. ஓர் ஏக்கரில் 5 செ.மீ. நிறுத்த சுமார் இரண்டு லட்சம் லிட்டர் தேவை. டெல்டாவின் களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்குள்ள செம்மண் கலந்த வயலில், சேற்றுழவு சரியாக ஓட்டாவிட்டால் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயை 15 செ.மீ. மண்ணுக்குள் இறக்கி, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட்டால், நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியும். அது குழாயின் அடிவரை போன பிறகு மறுபடி கட்டினால் போதும். பூக்கும் காலத்தில் மட்டும் மேலே நீர் நிற்கட்டும்.

தலைமடையில் இருப்பவர்கள் இந்தக் குழாயை வைத்தால், எங்கள் வாய்க்காலுக்கு ஆகஸ்ட் முதல் பாதியிலேயே தண்ணீர் வரும். அப்போது நானும் பொன்னியே போடுவேன்.