சோகமாக இருக்குமாம், ராகத்தைச் சொல்ல வேண்டுமாம்!

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். சாம்பார் இலையின் ஓரத்துக்கு ஓடுகிறது. சோற்றால் அதற்கு அணைகட்டி முடிப்பதற்குள் பக்கத்து இலை மாமா ஆரம்பித்துவிட்டார். "நீங்கள் பாட்டு வாத்தியாராமே! என் அம்மா தொட்டில் ஆட்டும்போது ஒன்றை முனகுவாள். வார்த்தை கிடையாது. கேட்டால் ரொம்ப சோகமாக இருக்கும். அது என்ன ராகம்?"

"ஊரில் ஒரு வீடு, வாசலில் திண்ணை இருக்கும், யார் வீடு சொல்லுங்கள்" என்று யாராவது கேட்பார்களா? ராகம் என்றால் மட்டும் கேட்கிறார்கள். சோகம் என்ற ஒரு சொல்லை நம்பினால் முகாரி, சுபபந்துவராளி, சிவரஞ்சனி, ஆகிரி, புன்னாகவராளி என்று எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். அந்தச் சொல்லையும்தான் எப்படி நம்புவது? முகாரி என்றாலே ஒப்பாரி என்று ஊரே முத்திரை குத்திவைத்திருக்கிறது. ஆனால் தியாகராஜர், சபரி பெற்ற பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று மெய்சிலிர்த்துப் பாடிய "எந்தனினே" முகாரிதான். அதில் எங்கே அழுகை? இன்னொரு பக்கம், தூக்கக் கலக்கத்தில் மெதுவாக இழுத்து முனகினால் எந்த ராகமும் கொஞ்சம் சோகமாகத்தான் கேட்கும்.

சரி, அந்த மெட்டை நீங்களே முனகிக் காட்டுங்கள் என்றேன். தப்பு என்னுடையதுதான். மாமா வாயில் அப்பளத்தோடு முனகினார். ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் தொடங்கினார்.

பாட்டு ஊன்றி நிற்கும் அடிப்படை ஸ்வரமான சட்ஜம் எது என்று தெரியாமல் ராகம் சொல்ல முடியாது என்பதை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ரிஷபத்தை சட்ஜமாக வைத்துக் கேட்டால் மத்யமாவதி. காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம். பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி. தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. ஒலிப்பது அதே ஐந்து ஸ்வரங்கள்தான்; பின்னால் தம்புரா எதைப் பிடித்து நிற்கிறதோ அதைப் பொறுத்து ராகமே மாறிவிடுகிறது. மாமாவின் முனகலுக்குப் பின்னால் இருந்ததோ நாதஸ்வரக்காரரின் சுருதிப்பெட்டி. அதற்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை.

கை கழுவிய பிறகும் விடவில்லை. வேறு வழியில்லாமல் கைப்பேசியில் தம்புராவைப் போட்டு அவர் காதருகே வைத்தேன். "இதோடு சேர்ந்து நில்லுங்கள் மாமா. இதுதான் ச. இப்போது பாடுங்கள்." நான்கு முறை சறுக்கி, ஐந்தாவது முறை சேர்ந்தார். அப்போதுதான் உருப்படியாக ஒன்று தெரிந்தது. மெட்டு மேலே, ஏழாவது ஸ்வரமான நிஷாதத்தைத் தாண்டவே இல்லை. மேல் சட்ஜத்தைத் தொடவில்லை. முடிக்கும்போதும் சட்ஜத்தில் நிற்காமல் ஒரு படி கீழே இறங்கி, கீழ் நிஷாதத்தில் உட்கார்ந்தது. இரண்டு மூன்று முறை பாடச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அங்கேதான் போய் நின்றது.

நிஷாதத்தோடு முடிகிற நிஷாதாந்திய ராகம்! சோகம் என்ற பெரிய காட்டிலிருந்து ஒரு தோப்புக்கு வந்துவிட்டோம். தாலாட்டுக்கும் பொருந்துகிறது. அதில் நாதநாமக்கிரியையா, புன்னாகவராளியா என்பதுதான் கேள்வி. நாதநாமக்கிரியை, மாயாமாளவகௌளை என்ற தாய் ராகத்தில் பிறந்த ஜன்யம். அதன் கீழ் நிஷாதம் சட்ஜத்தை ஒட்டியே இருக்கும், ஆர்மோனியத்தில் அடுத்த கட்டை. புன்னாகவராளி தோடியின் ஜன்யம்; அங்கே நிஷாதம் ஒரு கட்டை தள்ளி இருக்கும். காந்தாரமும் முன்னதில் உயரம், பின்னதில் தாழ்வு. பாம்பாட்டியின் மகுடி நினைவுக்கு வந்தால் பெரும்பாலும் புன்னாகவராளி. ஆக, அந்தக் கடைசி ஸ்வரத்தை மட்டும் சுத்தமாகப் பிடித்துக் காட்டினால் போதும், சொல்லிவிடலாம்.

"அந்தக் கடைசி இடத்தை மட்டும் பாடுங்கள் மாமா. அசையாமல் நில்லுங்கள்."

நின்றார். சரியாக இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் நின்றார்.

மறுபடி பாடினார். இந்த முறை ஒட்டி நின்றார். அடுத்த முறை தள்ளி நின்றார். எது அம்மா பாடியது என்றால், "இரண்டும் ஒன்றுதானே?" என்கிறார். அவர் அம்மா சுத்தமாகப் பாடியிருப்பார். ஐம்பது வருடம் கழித்து மகனின் தொண்டையில் அது அரை ஸ்வரம் நழுவியதற்கு நான் என்ன செய்வது? உங்கள் அக்காவோ தங்கையோ இருந்தால் பாடச் சொல்லி ஒலிப்பதிவு அனுப்புங்கள், இரண்டு வரி போதும், இரண்டில் ஒன்று என்று உறுதியாகச் சொல்கிறேன் என்றேன்.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "பரவாயில்லை விடுங்கள். சோகம் என்றதுமே சிவரஞ்சனி என்று என் மருமகன் காலையிலேயே சொல்லிவிட்டான். வாத்தியாருக்குத் தெரிகிறதா என்று பார்த்தேன்."