லேப்டாப் தொலைஞ்சா லேப்டாப்புலயே வந்து சொல்லணுமாம்

ஆபீஸ் லேப்டாப்பை ட்ரெயின்ல விட்டுட்டேன். மேல பேக் வைக்கிற ரேக்ல வச்சேன், போன்ல பேசிக்கிட்டே இறங்கினேன், ட்ரெயின் கிளம்பின அப்புறம்தான் தோள் லேசா இருக்கேன்னு உறைச்சுது. தப்பு என்னோடதுதான், அதுல சண்டைக்கே வரல. திட்டுறவங்க வரிசையில வந்து திட்டிட்டுப் போங்க, வீட்லயே ஆரம்பிச்சு வச்சுட்டாங்க.

என் வயித்தெரிச்சல் அதுக்கு அப்புறம் நடந்தது. தொலைஞ்சா ஒரு மணி நேரத்துக்குள்ள சொல்லணும்னு பாலிசி, வருஷா வருஷம் ட்ரெயினிங்ல கிளிக் பண்ணி ஒத்துக்கிட்டதுதான். சரி சொல்லுவோம்னு பிளாட்பாரத்துல நின்னு போன்ல ஐடிக்குப் புகார் போடற டிக்கெட் போர்ட்டலைத் திறந்தா, கம்பெனி டிவைஸ்ல இருந்து மட்டும்தான் திறக்கும்னு வருது! கம்பெனி டிவைஸ் அடுத்த ஸ்டேஷனை நோக்கிப் போயிட்டு இருக்குய்யா, அதைச் சொல்லத்தானே வந்தேன்! ஹெல்ப்டெஸ்க் நம்பர் எங்கன்னு தேடினா அது லேப்டாப்போட அடியில ஒட்டின ஸ்டிக்கர்ல இருக்கு. இதை எவன் யோசிச்சு ஒட்டினான்னு தெரியல, ஆளு கிடைச்சா ஒரு கும்பிடு போடணும்.

டீம்மேட்டுக்கு போன் பண்ணி அவன் மெஷின்ல இருந்து என் பேருல டிக்கெட் போடச் சொன்னேன். ஃபார்ம்ல முதல் கேள்வியே சீரியல் நம்பர், கட்டாயம்னு சிவப்பு நட்சத்திரம் வேற. அது எனக்கு எப்படித் தெரியும்? அதுவும் அதே ஸ்டிக்கர்லதான் இருக்கு. எந்த மெஷினை யாருக்குக் குடுத்தோம்னு லிஸ்ட் வச்சிருக்கறதே ஐடி டீம்தான், என் பேரை அடிச்சா அவங்களுக்கே வந்துடும். ரயில்வே தொலைஞ்ச பொருள் கவுன்ட்டர்லயும் அடையாளத்துக்கு அதே நம்பரைத்தான் கேட்டாங்க, அதை ஐடிகிட்ட இருந்து வாங்கவே மூணு மணி நேரம். அவசரத்துக்கு டீம்மேட் பூஜ்யமா அடிச்சு ஃபார்மை நகர்த்தினான்.

அடுத்தது "சாதனத்தில் இருந்த தரவு எந்த வகை?" மூணே ஆப்ஷன், பொது, உள் உபயோகம், ரகசியம். ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்கலாம். ரகசியம்னு போட்டோம், அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு வரி எழுத இடம் கிடையாது. இதை வச்சு எவன் என்ன பண்ணுவான்?

சாயங்காலம் ஐடில இருந்து ஒருத்தர் கூப்பிட்டாரு, பொறுமையான மனுஷன். அவர் கேட்ட முதல் கேள்வி ஃபார்ம்லயே இல்ல. "சார், ஷட் டவுன் பண்ணீங்களா, சும்மா மூடினீங்களா?"

சும்மாதான் மூடினேன். யாரு சார் ட்ரெயின்ல ஷட் டவுன் பண்றா.

அது ஏன் முக்கியம்னு அவர்தான் சொன்னாரு. டிஸ்க் முழுக்க பிட்லாக்கர் போட்டு என்கிரிப்ட் பண்ணியிருக்காங்க, அதனால எவனாவது டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டினா குப்பையாத்தான் தெரியும், அதுல பயம் இல்ல. ஆனா மூடியை மூடினா மெஷின் தூங்குது, அணையல, டிஸ்க்கைத் திறக்கிற சாவி மெமரிலயே உக்காந்திருக்கு. தண்டவாளத்து ஓரமா வித்துட்டுப் போற சாதாரண திருடன் லாகின் ஸ்கிரீனைத் தாண்ட மாட்டான், விஷயம் தெரிஞ்சவன் கையில மாட்டினா அந்த சாவியை எடுக்கப் பாக்க வழி இருக்கு. பேட்டரி தீந்து அணைஞ்சிடுச்சுன்னா மெமரில இருக்கற சாவியும் போயிடும், நமக்கு நல்லது. ஆனா கூத்து என்னன்னா, எல்லாத்தையும் அழிச்சுடுன்னு இங்க இருந்து அனுப்பின ரிமோட் வைப் கட்டளை போய்ச் சேரணும்னா அது உயிரோட இருந்து நெட்லயும் இருக்கணும். தெரியாத ஊர்ல தெரியாத வைஃபையில அது தானா போய் ஒட்டிக்குமா? ஒட்டாது. அதனால அவர் ஸ்கிரீன்ல வைப் பக்கத்துல `Pending`னு நிக்குது. எங்க மேனேஜர் என்னமோ பட்டனை அமுக்கினதும் எல்லாம் அழிஞ்சிடுச்சுன்னு நெனச்சு நிம்மதியா தூங்கியிருப்பாரு.

ரெண்டாவது கேள்வி, என்னென்ன ஃபைல் இருந்துச்சு. நான் கெத்தா "எல்லாம் கிளவுட்லதான் சார், லோக்கல்ல ஒண்ணும் இல்ல"ன்னேன். அவர் சிரிக்கல, அதான் பெரிய மனசு. "`Downloads` ஃபோல்டர்?"னாரு. வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு.

தொலையறதுக்கு முந்தின வியாழக்கிழமை கஸ்டமர் லிஸ்ட்டை எக்ஸ்போர்ட் பண்ணி இறக்கினேன், ட்ரெயின்ல நெட் இருக்காதே, போற வழியில பிவட் போடலாம்னு. 4,312 வரி, பேரு, போன் நம்பர், வீட்டு அட்ரஸ். அந்த ஃபோல்டர் கிளவுட்ல சிங்க் ஆகாது, அதனால அங்க என்ன கெடந்துச்சுன்னு சர்வரைப் பாத்து ஐடி டீமால சொல்ல முடியாது, நான்தான் ஞாபகப்படுத்திச் சொல்லணும். நல்லவேளை, பிரவுசர் ஹிஸ்டரி சிங்க்ல இருந்துச்சு, எக்ஸ்போர்ட் பக்கத்தை எத்தனை மணிக்குத் திறந்தேன்னு அதுல தேதியோட கிடைச்சுது. எக்ஸ்போர்ட் பண்ணின சிஸ்டத்தோட லாக்லயும் என் பேரு, நேரம், எத்தனை வரி எல்லாம் பதிவாயிருந்துச்சு. அந்த 4,312 அங்க இருந்து வந்ததுதான், நானா சொல்லியிருந்தா "ஒரு ரெண்டாயிரம் இருக்கும் சார்"னு சொல்லியிருப்பேன்.

அப்புறம் அவுட்லுக். மெயில் சர்வர்லதானே இருக்குன்னு நெனச்சா, ஆஃப்லைன்ல படிக்க ஒரு காப்பி லேப்டாப்லயும் `.ost` ஃபைலா இருக்குமாம், எங்க செட்டிங்ல கடைசி ஒரு வருஷத்து மெயில், அட்டாச்மென்ட்டோட. அதுல எச்ஆர் அனுப்பின சம்பள ஷீட்டும் இருக்கு. இதை எல்லாம் ஃபார்ம்ல எங்க எழுதுறது, "ரகசியம்"ங்கற ஒத்த பொட்டிக்குள்ளயா?

இன்னொரு வேடிக்கை. மதியமே நானா புத்திசாலித்தனமா பாஸ்வேர்டை மாத்திட்டேன். அது மட்டும் போதாதாம், ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கற செஷன் எல்லாம் உடனே சாகும்னு நம்ப முடியாது, அதைத் தனியா ரத்து பண்ணணும், விபிஎன் சர்டிஃபிகேட்டையும் ரத்து பண்ணணும். ரெண்டையும் அவர் போன்ல பேசிக்கிட்டே நாலு நிமிஷத்துல முடிச்சுட்டாரு. நாலு நிமிஷ வேலை, ஆனா என் டிக்கெட் காலைல இருந்து "ஹார்டுவேர் கோரிக்கை" வரிசையில, உடைஞ்ச மவுஸுக்கும் கீபோர்டுக்கும் பின்னாடி நின்னுக்கிட்டு இருந்திருக்கு. அத்தனை நேரமும் அந்த செஷன் உயிரோடதான் இருந்திருக்கு!

தூங்குச்சா அணைஞ்சுதா, கடைசியா எப்போ கையில இருந்துச்சு, லோக்கல்ல என்ன கெடந்துச்சு, பேக்ல பாஸ்வேர்டு எழுதின பேப்பர் ஏதும் இருந்துச்சா. இந்த நாலையும் மொத ஃபார்ம்லயே கேட்டிருந்தா பிளாட்பாரத்துல நின்னே டீம்மேட்கிட்ட சொல்லியிருப்பேன். பேப்பர் இல்ல, நானும் அவ்ளோ மோசம் கிடையாது.

இன்னிக்கு ஒன்பதாவது நாள். வைப் இன்னும் `Pending`. கஸ்டமர்களுக்குச் சொல்லணுமா வேணாமான்னு லீகல்ல பேசிக்கிட்டு இருக்காங்க, மெஷின் தூக்கத்துல இருந்துச்சுன்னு நான் சொன்னதுதான் அங்கயும் பெரிய பேச்சா ஓடுதாம்.

நேத்து புது லேப்டாப் குடுத்தாங்க. வாங்கின உடனே மூடியை மூடிப் பாத்தேன், தூங்குது. சரி, மூடினா தூங்காம முழுசா அணையற ஹைபர்னேட்டுக்கு மாத்தி வச்சுக்குவோம்னு செட்டிங்க்ஸுக்குப் போனா, அதை அட்மின் பூட்டி வச்சிருக்காங்க.