படிக்கும்போது தெரிகிறது, தேர்வில் வரவில்லை

“வல்லினம் மிகும் இடங்களை நாலு தடவை படித்தும் மாதிரித் தேர்வில் தப்பாகிறதே, ஏன்?”

விதிக்குக் கீழேயே உதாரணமும் இருப்பதால், தெரிந்த மாதிரி தோன்றிவிடுகிறது. குரூப் 4-க்குப் படித்தபோது நானும் அதில் ஏமாந்தவன்தான். அப்புறம் சந்தி எழுத்தை நீக்கி ‘கேட்டு கொண்டான்’, ‘வந்து பார்த்தான்’, ‘ஊறு காய்’, ‘பூனையை பார்த்தேன்’ என்று கலந்துகட்டி இருபது தொடர் எழுதிவைத்தேன். மறுநாள் புத்தகத்தை மூடிவைத்து, மிகுமா மிகாதா என்பதோடு காரணத்தையும் எழுதுவேன். முதல் இரண்டுமே வினையெச்சம். ஆனால் ‘கேட்டு’ வன்தொடர், அதனால் ‘கேட்டுக் கொண்டான்’. ‘வந்து’ மென்தொடர், மிகாது. விதிவாரியாகப் படித்தவரை இது என் கண்ணில் படவே இல்லை. காரணம் எழுத வரவில்லை என்றால், விடை சரியாக இருந்தாலும் தப்பு என்றே குறித்து, மூன்று நாள் கழித்து மறுபடி எழுதுங்கள். அருஞ்சொல்லுக்குப் பொருளை மட்டும் பார்த்துச் சொல்லை எழுதினால் போதும்.