எண் பிரமிடும் ஒரு i - 1 உம்

முதலாமாண்டு சி ஆய்வகத் தேர்வில், நட்சத்திர முக்கோணம் கேள்வியாக வந்த மாணவர் நிம்மதி அடைவதையும், எண் பிரமிடு வந்தவர் ரெக்கார்டு நோட்டின் பக்கத்தைக் கண்முன் கொண்டுவர முயல்வதையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். இந்தக் கேள்விகளையே நீக்கிவிட வேண்டும் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. என் குறையெல்லாம் நாம் மதிப்பெண் இடும் முறையின் மீதுதான்: திரையில் வடிவம் வந்துவிட்டால் முழு மதிப்பெண், வராவிட்டால் பாதி என்று முடித்துவிடுகிறோம்.

ஒரு தேர்வில் n = 4 என வைத்து 1, 121, 12321, 1234321 என்ற பிரமிடைக் கேட்டிருந்தோம். ஒரு மாணவியின் திரையில் வந்தது இது:

```
   11
  1221
 123321
12344321
```

ஒவ்வொரு வரியிலும் நடு எண் இருமுறை வந்திருக்கிறது. ஒற்றைப்படையாக இருக்க வேண்டிய எண்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகிவிட்டது. இதைக் கண்டவுடனேயே பிழை இறங்குவரிசை லூப்பில் இருப்பது தெரியும். அவரோ வெளி லூப்பின் `<=` குறியை `<` என மாற்றினார். கடைசி வரி காணாமல் போனதே மிச்சம்.

கணினியை விட்டுவிட்டுத் தாளில் ஓர் அட்டவணை போடச் சொன்னேன். முதல் வரிக்கு இடைவெளி 3, ஏறும் எண்கள் 1, இறங்கும் எண்கள் 0. இரண்டாம் வரிக்கு 2, 2, 1. மூன்றாம் வரிக்கு 1, 3, 2. அங்கேயே நிறுத்திவிட்டு, இடைவெளி n - i, ஏறுவது i, இறங்குவது i - 1 என்று தானே சொன்னார். திருத்தியதும் உள்ளே இருக்கும் மூன்று லூப்களும் இப்படி ஆயின:

```c
for (j = 1; j <= n - i; j++) printf(" ");
for (j = 1; j <= i; j++) printf("%d", j);
for (j = i - 1; j >= 1; j--) printf("%d", j);
```

முதல் வரிக்குத் தனியாக ஒரு `if` வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம்; i = 1 ஆகும்போது j சுழியத்தில் தொடங்குவதால், நிபந்தனை முதலிலேயே பொய்யாகி அந்த லூப் ஒருமுறைகூட ஓடாது. (மனப்பாடம் செய்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.)

ஆகவே நிரலைத் தட்டச்சு செய்வதற்கு முன் இந்த அட்டவணையை விடைத்தாளில் எழுத வைத்து, அதற்கே பாதி மதிப்பெண் தர வேண்டும் என்பது என் கருத்து. நேரம் போதாது என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். மூன்று வரி எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது.

மீதியை வைவாவில் ஒரே கேள்வியால் அறியலாம்: n = 10 கொடுத்தால் என்ன ஆகும்? பத்தாம் வரியில் 19 எழுத்துகளுக்குப் பதில் 20 வரும். 10 என்பது இரண்டு இடத்தைப் பிடிப்பதால் வலப்பக்கச் சரிவு ஓரெழுத்து வெளியே நீளும். `%3d` என மாற்றிவிட்டு இடைவெளி லூப்பை மறந்தவருக்குப் பிரமிடு ஒரு பக்கமாகச் சாயும். அங்கும் மூன்று இடைவெளி விட வேண்டும் என்று அந்த மாணவி சற்று யோசித்துச் சொன்னார். எங்கள் மதிப்பெண் பட்டியலில் அந்தப் பதிலுக்கு இடமே இல்லை.