காலர் மேல் டையை ஒட்டுகிறவர்களே, ஒரு நிமிடம்

நேற்று ஒருவர் தன் அப்பாவின் படத்தைக் கொண்டு வந்தார். இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்கு மாட்டப்போகிற படம். வேறொரு ஸ்டுடியோவில் போட்டோஷாப்பில் டை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அவருக்கு ஏதோ உறுத்துகிறது, என்ன என்று சொல்லத் தெரியவில்லை. எனக்குப் பார்த்த உடனே வயிறு எரிந்தது. வெள்ளைச் சட்டை, மேல் பட்டன் திறந்தபடி, பனியன் தெரிகிறது, அந்தப் பனியன் மேலேயே ஒரு மெரூன் டையை இறக்கி ஒட்டியிருக்கிறார்கள். முடிச்சின் இரண்டு பக்கமும் காலர் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஒரு தடவையாவது டை கட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பட்டை காலருக்கு அடியில் கழுத்தைச் சுற்றிப் போகும். வெளியே தெரிவது இரண்டு காலர் மடிப்புக்கும் நடுவில் வருகிற முடிச்சும் அதற்குக் கீழே தொங்குவதும்தான். முடிச்சின் மேல் ஓரங்கள் மடிப்புக்குள் மறைந்திருக்கும். அப்படியானால் டை லேயர் சட்டைக்கு மேலே, காலருக்குக் கீழே இருக்க வேண்டும். Pen Tool வைத்து இரண்டு மடிப்பையும் சுற்றி வரைந்து, Ctrl+Enter கொடுத்து செலெக்ஷனாக்கி, சட்டை லேயரில் Ctrl+J கொடுத்து, வந்த லேயரை டைக்கு மேலே ஏற்றினால் போதும். இதைக்கூடச் செய்யாமல் காசு வாங்குகிறார்கள்.

அதைவிடப் பெரிய தப்பு, பட்டனைத் திறந்தபடி விட்டது. திறந்த காலர் இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கும், அதில் எவ்வளவு நல்ல முடிச்சை வைத்தாலும் தொண்டைக்குக் கீழே அந்தரத்தில்தான் நிற்கும். முதலில் காலரை மூட வேண்டும். வெட்டி எடுத்த ஒவ்வொரு மடிப்பையும் Warp கொடுத்து உள்பக்கம் இழுத்து, கழுத்தை ஒட்டி, தொண்டைக்குழிக்கு நேராக இரண்டும் சந்திக்கும்படி கொண்டுவர வேண்டும். அடியில் மிச்சம் தெரிகிற தோலையும் பனியனையும் பக்கத்துத் துணியை எடுத்து Clone Stamp-ஆல் மூட வேண்டும். அப்புறம்தான் டை. அந்தப் பெரியவர் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருக்கிறார், சட்டையின் பட்டன் வரிசை ஒரு பக்கம் வளைந்து போகிறது, இவர்கள் ஒட்டிய டையோ அளவுகோல் வைத்த மாதிரி நேராக இறங்குகிறது! பட்டன் வரிசையோடு டையும் வளைய வேண்டாமா?

நிழல் என்று ஒன்று கிடையவே கிடையாது. வெளிச்சம் படத்தின் இடப்பக்கமிருந்து வருகிறது, அப்படியென்றால் இடது மடிப்பின் ஓரம் முடிச்சின் மேல் ஒரு மெல்லிய நிழலைப் போடும். டை மேல் Multiply லேயர் ஒன்று, அதே மெரூனின் அடர்ந்த நிறத்தில் மிருதுவான பிரஷ், ஒரே கோடு. அது இல்லாததால்தான் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போல் இருந்தது.

போ டை என்றால் இன்னும் மோசம். அதில் பட்டைதான் காலருக்குள் போகும், இரண்டு இறக்கையும் காலர் மடிப்புக்கு மேலே படிந்து நிற்கும். அதைக் கொண்டுபோய்க் காலருக்கு அடியில் சொருகுகிறார்கள்.

அந்தப் பெரியவர் படத்தைச் சரிசெய்ய எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரம் இல்லை என்றால் டை வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள், அந்த வெள்ளைச் சட்டையே அவருக்கு நன்றாகத்தான் இருந்தது.