மெனு எங்கே உடைகிறதோ அங்கேதான் பிரேக்பாயிண்ட்

திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் மாறும் ரெஸ்பான்சிவ் வடிவமைப்பில், அந்த மாற்றம் நிகழும் எல்லையான பிரேக்பாயிண்டாக 768 பிக்சல் என்ற எண்ணைப் பலர் யோசிக்காமலேயே எழுதிவிடுகிறார்கள். பழைய ஐபேடை நெடுக்காகப் பிடித்தால் கிடைக்கும் அகலம் அது. பூட்ஸ்டிராப் என்ற CSS கட்டமைப்பும் அதையே ஓர் எல்லையாக வைத்திருக்கிறது. ஆனால் நம் பக்கத்தின் மெனுவுக்கும் அந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஒரு மெனுவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். லோகோ 160 பிக்சல், ஆறு இணைப்புகளின் எழுத்துகள் மொத்தம் 536, நடுவில் 24 வீதம் ஆறு இடைவெளிகளுக்கு 144, இரு ஓரங்களுக்கு 32 என்று கூட்டினால், ஒரே வரியில் நிற்க அதற்கு 872 பிக்சல் வேண்டும். 768இலேயே அதைக் கிடைமட்டமாக விரித்துவிட்டால், அங்கிருந்து 871 வரை கடைசி இணைப்பு அடுத்த வரிக்கு இறங்கியே நிற்கும். 820, 834 பிக்சல் அகலமுள்ள ஐபேடுகள் இந்த இடைவெளிக்குள்தான் விழுகின்றன. 375இலும் 1280இலும் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இந்தப் பழுது ஒருபோதும் படாது.

ஆகவே நான் வற்புறுத்தும் முறை இதுதான்: உலாவியின் டெவ்டூல்ஸில் பக்கத்தை 320 பிக்சலுக்குச் சுருக்கி, மெதுவாக இழுத்து அகலப்படுத்துங்கள். மெனு ஒரே வரியில் அடங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குச் சற்று மேலே எல்லையை வையுங்கள். அந்தச் 'சற்று' அவசியமானது. திரை அகலத்தைச் சோதிக்கும் CSS விதியான மீடியா குவரி கணக்கிடும் அகலத்தில் ஸ்க்ரோல்பாரும் சேர்ந்திருக்கிறது. பல மேசைக்கணினிகளில் அது 15 முதல் 17 பிக்சல் வரை எடுத்துக்கொள்ளும். 880இல் எல்லை வைத்தால் உள்ளடக்கத்துக்கு 865தான் மிஞ்சும், மெனு மறுபடியும் உடையும். மொபைல் முன்னோட்டத்தில் ஸ்க்ரோல்பார் இடம் பிடிப்பதில்லை என்பதால், அங்கே மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். 896 வைத்தால் போதும். உலாவியின் இயல்பான எழுத்தளவான 16 பிக்சலே ஓர் em என்பதால், அது 56em.

```css
@media (min-width: 56em) {
  .menu { display: flex; flex-wrap: wrap; gap: 1.5rem; }
}
```

பிக்சலை விட்டு em எழுதுவதற்கும் காரணம் உண்டு. பார்வைக் குறைவு உள்ள ஒருவர் உலாவியின் இயல்பான எழுத்தளவை 16இலிருந்து 20ஆக உயர்த்தினால், rem அலகில் எழுதப்பட்ட எழுத்துகளும் இடைவெளிகளும் பெருத்து, மெனுவுக்கு 1042 பிக்சல் தேவைப்படும். 56emஉம் கூடவே 1120ஆக நகர்ந்துவிடும். 896 என்று பிக்சலில் எழுதியிருந்தால் அவருக்கு மட்டும் மெனு உடைந்திருக்கும்.

பிரபலமான சாதன அகலங்களைச் சோதனைக்குப் பயன்படுத்துவதை நான் மறுக்கவில்லை. எல்லையைத் தீர்மானிக்கும் பொறுப்பை அவற்றிடம் விடக்கூடாது என்கிறேன். பக்கவாட்டுப் பத்தியிலும் நடுப்பகுதியிலும் மாறிமாறி வரும் கார்டு போன்ற பகுதிக்குத் திரையின் அகலமே பொருத்தமான அளவுகோல் அல்ல. தன்னைச் சூழ்ந்த பெட்டியின் அகலத்தைச் சோதிக்கும், 2023 முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் இயங்கும் கன்டெய்னர் குவரியே அதற்கு ஏற்றது. மெனுவில் 90 பிக்சல் அகலத்தில் ஏழாவது இணைப்பு சேர்ந்தால் தேவை 986ஆகிவிடும். அன்றைக்கே மறுபடி இழுத்துப் பார்த்து, ஸ்க்ரோல்பாரையும் சேர்த்து 63em என்று மாற்ற வேண்டும்.