மருத்துவ விடுப்பு முடிந்து வருகிறவரிடம் நோயைப் பற்றிக் கேட்காதீர்கள்

பல மாத மருத்துவ விடுப்பு முடிந்து ஒருவர் வேலைக்குத் திரும்பும் நாளில் நம் அலுவலகங்கள் துக்க வீடு மாதிரி ஆகிவிடுகின்றன. நாற்காலியைச் சுற்றிக் கூட்டம். "எந்த ஸ்டேஜ்?", "முடியெல்லாம் கொட்டிருச்சா?", "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான்." அந்தச் சித்தப்பா இறந்துபோனதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்வார்கள். அன்பில்தான் கேட்கிறார்கள், தெரியும். ஆனால் மறக்க நினைப்பதை வந்தவர் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறதே!

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். இவர்களுக்கு நோயின் பெயர் எப்படித் தெரிந்தது? விடுப்புக்காகக் கொடுத்த மருத்துவச் சான்றிதழில் எழுதியிருக்கும். அது விடுப்புக் கணக்கு பார்ப்பவரின் மேசைக்கு வருகிறது, அங்கிருந்து கேன்டீனுக்குப் போய்விடுகிறது. இதைச் சாதாரண விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. விடுப்பைக் கணக்கில் ஏற்றத்தான் அந்தத் தாள். ஊருக்குச் சொல்ல இல்லை.

எங்கள் பிரிவில் மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஓர் அக்கா திரும்பி வந்தார். அந்த முறை கண்காணிப்பாளர் சரியாகச் செய்தார். வருவதற்கு முந்தைய வாரமே போன் செய்து, "மத்தவங்க கேட்டா நான் என்னம்மா சொல்லட்டும்? சீட்ல ஏதாவது மாத்தணுமா?" என்று கேட்டிருக்கிறார். "சிகிச்சை முடிஞ்சுது, நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க சார். வலது கையால இப்போதைக்குக் கனம் தூக்க வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றாராம் அக்கா. அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்க வாய்ப்புண்டு. எங்களிடம் கண்காணிப்பாளர் காரணம் சொல்லவில்லை. பீரோவின் மேல்தட்டில் இருந்த கோப்புக் கட்டுகளைக் கை எட்டும் தட்டுக்கு மாற்றச் சொன்னார், அவ்வளவுதான். கணினியில் காலாவதியான பாஸ்வேர்டையும் அக்கா வருவதற்கு முன்பே புதுப்பித்து வைத்தோம்.

வந்த அன்று, "வாங்கக்கா, உங்களைப் பாத்தது ரொம்ப சந்தோஷம்" என்றோம். தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பதினோரு மணி டீக்கு எப்போதும் போலக் கூப்பிட்டோம். நிலுவையில் இருந்த பென்ஷன் கோப்புகளைப் பற்றிப் பேசினோம்.

இரக்கப்பட்டு வேலையை மொத்தமாகப் பிடுங்கிக்கொள்வதும் தப்பு. "எது உங்ககிட்ட இருக்கட்டும்?" என்று அவரையே கேட்க வேண்டும். அக்கா தன் சீட் வேலையில் பாதியை வாங்கிக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது என்று இரண்டாவது மாதமே முழு வேலையையும் தலையில் கட்டுகிறார்கள் பாருங்கள், அது அதைவிட மோசம். கீமோ முடிந்து பல மாதங்களுக்கும் அசதி இருக்கும். காலையில் நன்றாக இருப்பவருக்கு மூன்று மணிக்குக் கண் இருட்டும்.

அப்புறம், செக்கப்புக்கு அவர் போய்த்தான் ஆக வேண்டும். பர்மிஷன் கேட்டால் "மறுபடியும் ஏதாவதா?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடுங்கள். ரிசல்ட்டை அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.